துபாய் சூப்பர்வைசரிடம் லீவு கேட்பது எப்படி? அக்கா பிள்ளை காதுகுத்துக்கு ஊர் வருகிறவர்களுக்கான கேள்வி-பதில்

துபாயில் ஒரு பராமரிப்பு கம்பெனியின் ஆபீசில் உட்கார்ந்து, வருகிற லீவு ஃபாரங்களை வாங்கி வைக்கிற வேலை பார்த்தவன் நான். இப்போது ஓமலூரில் இருக்கிறேன். மேச்சேரி, தாரமங்கலம், எடப்பாடி, ஏற்காடு பக்கத்துப் பையன்கள் இன்னமும் வாட்ஸ்அப்பில் கேட்கிற கேள்விகள் இவை. கல்யாணத்தை விடத் தாய்மாமன் விசேஷத்துக்குத்தான் லீவு கேட்கத் தடுமாறுகிறார்கள். அதனால் அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமீரகத்துத் தனியார் கம்பெனிகளுக்கு மட்டும். வீட்டு வேலையில் இருப்பவர்களுக்கும், துபாய் சர்வதேச நிதி மையம் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கும் விதிகள் வேறு.

அக்கா வீட்டில் தேதி குறித்துவிட்டார்கள். இனிமேல்தான் லீவு கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

முடிந்தால் அக்காவுக்கு இன்றைக்கே போன் போட்டு, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கல்யாணத் தேதி நம் கையில் இல்லை. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, ஜோசியர், மண்டபம் என்று நாலு பக்கம் இழுபடும். காதுகுத்து அப்படியில்லை. குழந்தைக்கு ஒற்றைப்படை மாதமோ ஒற்றைப்படை வயதோ நடக்க வேண்டும், ஆடி மார்கழி வேண்டாம், குலதெய்வக் கோயிலில் இடம் கிடைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கணக்கு இவ்வளவுதான். அதற்குள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. தாய்மாமன் வந்தால்தான் விசேஷமே என்கிறபோது, தாய்மாமனுக்கு லீவு கிடைக்கிற தேதியில் வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே ஜோசியரிடம் ஒரு தேதிக்குப் பதிலாக இரண்டு தேதி வாங்கச் சொல்லுங்கள். இரண்டையும் லெட்டரில் எழுதுங்கள். ஒப்புதல் வந்த பிறகு பத்திரிகை அடிக்கட்டும்.

எந்த மாதம் கேட்டால் கிடைக்கும்?

உங்கள் வேலையைப் பொறுத்தது. நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் ஏ.சி. டெக்னீஷியன்கள். அவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. வெயில் ஏற ஏற அழைப்புகள் குவியும், சூப்பர்வைசரே தூங்காமல் அலைவார். அந்த நேரத்தில் காதுகுத்து என்று போய் நின்றால், விசேஷம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அவர் காதில் ஏறாது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை வேறு. குடும்பத்தோடு இருப்பவர்கள் எல்லோரும் கிளம்புவதால் டிக்கெட் விலையும் கூடும்.

தை, மாசியில் துபாய் குளிர்ந்து கிடக்கும். ஏ.சி.க்காரர்களுக்குக் கையில் வேலை குறைவு. நமக்கோ அதுதான் விசேஷ காலம். இரண்டும் பொருந்தி வருவது நல்ல வாய்ப்பு. ஆனால் அந்த வருடம் ரம்ஜான் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பாகிஸ்தான்காரராகவோ வங்கதேசக்காரராகவோ இருந்தால், பெருநாளைக்கு அவரும் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கலாம்.

எனக்கு எத்தனை நாள் உரிமை?

2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஆறு மாதம் தாண்டி ஒரு வருடம் முடியாதவருக்கு மாதத்துக்கு 2 நாள். எட்டு மாதம் ஆனவருக்கு 16 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமே ஆகவில்லை என்றால் உரிமையாகக் கேட்க ஒன்றுமில்லை. கம்பெனி சம்மதித்தால் சம்பளமில்லா விடுப்பில் போகலாம்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று. 30 நாள் என்பது காலண்டர் நாள். இடையில் வருகிற வார விடுமுறையும், அரசு விடுமுறையும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அக்கா பிள்ளை காதுகுத்து என்று தனியாக ஒரு விடுப்பு வகை கிடையாது. இருக்கிற ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

உரிமை இருக்கிறது என்பதற்காக நினைத்த தேதியில் கிளம்ப முடியாது. எந்தத் தேதியில் விடுப்பு என்பதை வேலையின் தேவையைப் பார்த்துக் கம்பெனி முடிவு செய்யலாம். அப்படி முடிவு செய்தால் குறைந்தது ஒரு மாதம் முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

லெட்டரில் என்ன எழுதுவது? ஒரு மாதிரி கிடைக்குமா?

ஓமலூர்க்காரத் தம்பி ஒருவர், ஏ.சி. டெக்னீஷியன், இரண்டு கட்டிடங்கள் அவர் பொறுப்பு. அவர் முதலில் எனக்கு அனுப்பிக் காட்டியது நாம் எல்லோரும் ஆறாம் வகுப்பில் எழுதிய அதே லெட்டர். தாழ்மையான வணக்கம், ஊரில் விசேஷம், ஆகவே அன்புகூர்ந்து விடுமுறை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் இருந்தது. எந்தத் தேதியில் போகிறார், எப்போது திரும்பி வருகிறார் என்பது கடைசி வரியில் ஒளிந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் அந்த லெட்டரைத் திறக்கும்போது அவர் மனதில் ஓடுவது ஒன்றே ஒன்று: இவன் இல்லாதபோது அந்தக் கட்டிடத்தில் ஏ.சி. நின்றால் யாரை அனுப்புவது? அதற்கு லெட்டரில் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பல இடங்களில் ஒப்புதல் தருவது மனிதவளத் துறைதான். சூப்பர்வைசர் பரிந்துரை மட்டும் செய்கிறார். அவர் பரிந்துரைக்கத் தேவையானதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கும் சுலபம்.

நவம்பர் முதல் வாரத்தில் அவர் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன். இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தை எளிமையாக இருந்தால் போதும்.

> பொருள்: ஆண்டு விடுப்பு, ஜனவரி 21 முதல் பிப்ரவரி 3 வரை, 14 நாட்கள்
>
> வணக்கம்.
>
> ஜனவரி 21 வியாழன் முதல் பிப்ரவரி 3 புதன் வரை 14 நாட்கள் ஆண்டு விடுப்பு வேண்டும். பிப்ரவரி 4 வியாழன் காலை ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன்.
>
> ஜனவரி 24 ஞாயிறு அன்று சேலத்தில் என் அக்கா மகனுக்குக் காதணி விழா வைக்க எண்ணியிருக்கிறோம். எங்கள் வழக்கப்படி தாயின் சகோதரன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அக்காவுக்கு நான் ஒருவன்தான் தம்பி.
>
> என் இரண்டு கட்டிடங்களிலும் ஜனவரி மாத ஃபில்டர் சர்வீசை 19-ஆம் தேதிக்குள் முடித்துவிடுவேன். அவசர அழைப்புகளைப் பார்த்துக்கொள்ள என்னோடு வேலை செய்பவர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். இரண்டு கட்டிடங்களும் அவருக்குப் பழக்கமானவை. சாவிகளையும் பாக்கி வேலைப் பட்டியலையும் 20-ஆம் தேதி அவரிடம் ஒப்படைப்பேன்.
>
> இந்தத் தேதி ஒத்துவராவிட்டால் பிப்ரவரி 4 முதல் 17 வரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் விழாத் தேதியை முடிவு செய்வோம், டிக்கெட்டும் எடுப்பேன். நவம்பர் 20-க்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

உடன் வேலை செய்பவரின் பெயரையும் ஊழியர் எண்ணையும் எழுத வேண்டும். அவரிடம் கேட்காமல் எழுதக் கூடாது. சூப்பர்வைசர் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

விசேஷத்தைப் பற்றி இன்னும் விவரமாகச் சொன்னால்தானே மனம் இரங்குவார்?

மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த மூன்று வரியில் உங்களுடைய வேலை என்ன என்பது தெரிய வேண்டும். இதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். அக்கா பிள்ளைக்கு விசேஷம், நான் தாய்மாமன் என்று மட்டும் எழுதினால், வேறு தேசத்துக்காரருக்கு நீங்கள் வந்திருக்கும் கூட்டத்தில் ஒருவர். போகாவிட்டால் என்ன, பணம் அனுப்பு என்பார்.

என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். காலையில் மொட்டையடித்துத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை உங்கள் மடிக்கு வரும். ஆசாரி தோடு கம்பியைக் கையில் எடுத்ததுமே அது முறுக்கிக்கொண்டு அழும். ஒரு கையால் நெற்றியைப் பிடித்து, இன்னொரு கையால் இரண்டு பிஞ்சுக் கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியவர் நீங்கள். மடி காலியாக இருந்தால் ஆசாரி உட்கார்ந்து காத்திருப்பார், அவ்வளவுதான். இதைத்தான் ‘மடியில் உட்கார வைத்துக் குத்துவார்கள்’ என்ற ஒரே வரியில் சொல்கிறோம். சீர், தட்டு வரிசை, குலதெய்வம், பங்காளிகள் எல்லாம் லெட்டரில் தேவையில்லை. நேரில் அவர் ஆர்வமாகக் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். எகிப்துக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் குடும்பக் கதை கேட்பதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

விசேஷம் ஒரே நாள். 14 நாள் எதற்கு என்று கேட்டால்?

கேட்பார். பதிலைக் கையில் வைத்திருங்கள். சேலத்துக்கு வெளிநாட்டு விமானம் கிடையாது. காமலாபுரம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள்தான். துபாயிலிருந்து நேரடியாக வருபவர் திருச்சியிலோ, பெங்களூரிலோ, சென்னையிலோ இறங்க வேண்டும், ஷார்ஜா போய் ஏறினால் கோவை. திருச்சியோ கோவையோ, அங்கிருந்து சேலம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் சீர் வாங்குகிற வேலை இருக்கிறது. குழந்தைக்குத் தோடு, புதுத்துணி, மாலை, அக்காவுக்குப் புடவை, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி அரைஞாணோ கொலுசோ. இதை அப்பா அம்மாவே முடித்து வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை வருகிறவன் கூடப் போய் வாங்கத்தான் ஆசைப்படுவான். அதை சூப்பர்வைசரிடம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. இது என் ஆண்டு விடுப்பு, 30 நாளில் 14 நாள் எடுக்கிறேன், மீதி 16 நாளை உங்களுக்கு வசதியான மாதத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அது அவருக்கும் புரிகிற கணக்கு. வேலை நெருக்கடி என்றால் பத்து நாளுக்கு இறங்கி வாருங்கள். அதற்குக் கீழே போனால் டிக்கெட் காசுக்குக் கூடப் பெறாது.

அவசரம் என்று சொல்லி, பாட்டி தவறிவிட்டதாக எழுதினால் உடனே விடுகிறார்களாமே?

செய்யாதீர்கள். துக்க விடுப்பு சட்டத்தில் இருக்கிறது: கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாள், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை என்றால் 3 நாள். திரும்பி வந்ததும் சான்று கேட்பார்கள். மூன்று நாளில் ஓமலூர் வந்து, காது குத்தி, துபாய் திரும்ப முடியுமா என்று நீங்களே பாருங்கள். அதோடு ஃபைல் என்று ஒன்று இருக்கிறது. ஒருவருடைய பழைய ஃபாரங்களைப் புரட்டினால் ஒரே பாட்டி இரண்டு முறை இறந்திருப்பார். பார்த்துச் சிரிப்போம், ஆனால் அடுத்த முறை அந்த ஆள் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

சூப்பர்வைசர் வாயால் சரி என்று சொல்லிவிட்டார். டிக்கெட் போட்டுவிடலாமா?

வேண்டாம். அந்தச் சரி மனிதவளத் துறைக்கு எட்டவில்லை என்றால் அது சரியே இல்லை. இடையில் அவர் வேறு சைட்டுக்கு மாற்றப்பட்டால், புதிதாக வருகிறவருக்கு உங்கள் காதுகுத்து பற்றி எதுவும் தெரியாது. நேரில் பேசிய அன்றைக்கே, நாம் பேசியபடி இந்தத் தேதிக்கு விடுப்பு ஃபாரம் இணைத்திருக்கிறேன் என்று ஒரு மெயில் போடுங்கள். கம்பெனி ஆப் இருந்தால் அதில் பதியுங்கள். கையெழுத்தோ ஒப்புதல் மெயிலோ வந்த பிறகு டிக்கெட். வாட்ஸ்அப்பில்தான் பதில் சொல்கிறார் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஃபாரத்தையும் விடாதீர்கள்.

ஒரு வாரம் பதில் இல்லை என்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். தினமும் கேட்டால் எரிச்சல்தான் வரும்.

பத்திரிகையை இணைக்க வேண்டுமா? அது தமிழில் அல்லவா இருக்கும்?

ஒப்புதலுக்கு முன்னால் பத்திரிகையே இருக்காது, இருக்கவும் கூடாது. பிறகு கேட்டால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நம் பத்திரிகையில் தமிழ் வருடம், தமிழ் மாதத் தேதி பெரிதாகவும் ஆங்கிலத் தேதி சின்னதாகவும் இருக்கும். ஆங்கிலத் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும் அல்லவா, அதற்கும் ஒரு வட்டம். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போல ஆங்கிலத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

எங்கள் ஊர் ஏற்காடு. கணக்கு இதேதானா?

கிட்டத்தட்ட. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவது நமக்குப் பெரிய விஷயமில்லை, ஆனால் திரும்பும் நாளில் கணக்கில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டு. அப்போது குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் விமானத்துக்கு முதல் நாளே சேலம் இறங்கித் தங்கிவிடுங்கள். காப்பித் தோட்டம் உள்ள வீடுகளில் பழம் பறிப்பு முடியட்டும் என்று தைக்குப் பிறகு விசேஷம் வைப்பார்கள், அது துபாய் லீவுக்கும் தோதாக இருக்கிறது. மே மாதம் இரண்டு பக்கமும் கஷ்டம். அங்கே வெயில் தொடங்கியிருக்கும், இங்கே கோடை விழாக் கூட்டத்தில் உறவினர்களுக்கு அறை கிடைக்காது.

லீவு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்ய?

ஏன் என்று கேட்பதை விட எப்போது என்று கேளுங்கள். ஜனவரி வேண்டாம், பிப்ரவரி போ என்பதற்காகத்தான் முடியாது என்றிருப்பார். இரண்டாவது தேதியை முன்னமே எழுதியதன் பலன் இதுதான். மாதத்தைச் சொல்லிவிட்டார் என்றால் அதையே எழுத்தில் வாங்கி அக்காவிடம் சொல்லுங்கள், அந்த மாதத்தில் நாள் பார்க்கட்டும். தொடர்ந்து தள்ளிக்கொண்டே போனால், நீங்களாகச் சேர்த்து வைக்க விரும்பாதபோது இரண்டு வருடத்துக்கு மேல் விடுப்பை எடுக்கவிடாமல் வைத்திருக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மறுப்பிலேயே அதைத் தூக்கிக் காட்ட வேண்டாம்.

எதுவுமே நடக்கவில்லை, குழந்தைக்கு வயதும் தாண்டுகிறது என்றால், சித்தப்பா பெரியப்பா மகன் யாராவது தாய்மாமன் முறையில் உட்காரலாம். ஊரில் நடப்பதுதான். அக்கா கொஞ்ச நாள் பேசமாட்டாள்.

ஊரில் இருக்கும்போது லீவை நீட்டிக்க வேண்டி வந்தால்?

லீவு முடிவதற்கு முன்னால் எழுத வேண்டும். முடிந்த மறுநாள் எழுதினால் அது நீட்டிப்பு இல்லை, ஆப்சென்ட். காரணமில்லாமல் தாமதமான நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. தொடர்ந்து 7 நாளுக்கு மேல் தகுந்த காரணமின்றி வராவிட்டால் நோட்டீஸ் இல்லாமலே வேலையை விட்டு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவமனைச் சீட்டைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள், அசல் சீட்டைப் பெட்டியில் வையுங்கள். எந்த நாள் வருகிறீர்கள் என்ற புதுத் தேதியையும், உங்கள் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதுவரை சமாளிப்பாரா என்பதையும் அதே மெசேஜில் சொல்லிவிடுங்கள்.

விமானம் தாமதம் ஆகலாம் என்பதற்காகவே மாதிரியில் 3-ஆம் தேதியைச் சும்மா விட்டிருக்கிறோம். 2-ஆம் தேதி இரவு கிளம்பினால் 3-ஆம் தேதி கேம்ப்பில் தூங்கி எழுந்து, 4-ஆம் தேதி காலை சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.